வெற்றுக் கட்டங்களை எக்ஸெல் பூஜ்யமாக எண்ணுவதால் சராசரி தவறாக வருகிறது

பால்சங்க எழுத்தர் · ஜூலை 3, காலை 10.20

எங்கள் கிராமப் பால் சங்கத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதக் கடைசியில் ஓர் அறிக்கைத் தாள் கொடுக்கிறோம். அதில் அந்த மாதத்துப் பாலின் சராசரிக் கொழுப்பு அளவும் இருக்கும். ஜூன் மாத அறிக்கையைப் பார்த்த உறுப்பினர் அம்மா ஒருவர், தம் பாலின் சராசரி 3.28 என்று இருப்பதைக் கண்டு, "நான் தண்ணீர் கலக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். அவருடைய மாட்டின் பால் எந்த நாளிலும் 3.9க்குக் கீழே வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள்கூட 3.9க்குக் குறையாத எண்களின் சராசரி எப்படி 3.28 ஆக முடியும்?

ஜூன் மாதத்தின் 30 நாள்களில் 24 நாள்களுக்கு மட்டுமே அளவு பதிவாகியிருக்கிறது. மற்ற 6 கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. நான் கையால் கூட்டிப் பார்த்தேன். கூட்டுத்தொகை 98.4. அதை 24ஆல் வகுத்தால் 4.10 வருகிறது, 30ஆல் வகுத்தால் 3.28 வருகிறது. ஆகவே எக்ஸெல் வெற்றுக் கட்டங்களையும் பூஜ்யம் என்று கொண்டு வகுக்கிறது என்பது என் முடிவு. அறிக்கைத் தாளில் உள்ள சூத்திரம் இதுதான்:

```
=AVERAGE(C2:C31)
```

வெற்றுக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காதே என்று இதற்குச் சொல்வது எப்படி?

கடைக்கணக்கு · ஜூலை 3, காலை 10.55

எளிய வழி இருக்கிறது. வெறுமையாகத் தெரியும் அந்த 6 கட்டங்களையும் தேர்ந்தெடுத்து Delete விசையை அழுத்துங்கள், சராசரி சரியாகிவிடும். என் கடையின் விற்பனைத் தாளில் இப்படித்தான் செய்கிறேன்.

பால்சங்க எழுத்தர் · ஜூலை 3, காலை 11.10

செய்து பார்த்தேன், 4.10 வந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் வெறுமையாக இருந்த ஒன்றை அழித்ததால் விடை எப்படி மாறியது என்பது எனக்கு விளங்கவில்லை. காரணம் தெரியாமல் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இதே தாள் 140 உறுப்பினர்களுக்குப் போகிறது.

சூத்திரக்காரர் · ஜூலை 3, மதியம் 1.40

உங்கள் ஐயம் சரியானது. AVERAGE வெற்றுக் கட்டங்களை எண்ணுவதில்லை. உண்மையிலேயே வெறுமையாக இருக்கும் கட்டத்தை அது தொடாமல் கடந்து போகும். எழுத்து இருக்கும் கட்டத்தையும் அப்படியே கடந்து போகும். எனவே அது 30ஆல் வகுத்தது என்றால், 30 கட்டங்களிலும் எண் இருந்தது என்று பொருள். நீங்கள் வெறுமை என்று கண்ட 6 கட்டங்களில் பூஜ்யம் இருந்திருக்கிறது, அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதை இரண்டு நிமிடங்களில் உறுதி செய்யலாம். முதலில் Ctrl+Z அழுத்தி, அழித்த கட்டங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வேறெங்காவது இந்த இரண்டு சூத்திரங்களை எழுதுங்கள்:

```
=COUNT(C2:C31)
=COUNTIF(C2:C31,0)
```

முதலாவது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். இரண்டாவது பூஜ்யம் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும், வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாது. 24, 0 என்று வந்தால் நான் சொன்னது தவறு. 30, 6 என்று வந்தால், அந்த 6 கட்டங்களில் ஒன்றைச் சொடுக்கி, மேலே சூத்திரப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள்.

பால்சங்க எழுத்தர் · ஜூலை 3, மாலை 4.05

30, 6 என்றே வந்தது. சூத்திரப் பட்டையில் `=Pathivu!C9` என்று இருக்கிறது. தினசரி அளவுகளை நாங்கள் Pathivu என்னும் தாளில் எழுதுகிறோம், அறிக்கைத் தாள் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. Pathivu தாளில் C9 வெறுமையாகத்தான் இருக்கிறது, அங்கே நானே சொடுக்கிப் பார்த்தேன். அந்தத் தாளில் நேரடியாக AVERAGE போட்டால் 4.10 வருகிறது. ஒரே எண்களுக்கு இரண்டு தாள்களில் இரண்டு சராசரிகள்.

சூத்திரக்காரர் · ஜூலை 3, இரவு 9.15

அப்படியென்றால் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன.

முதற்காரணம் அந்த இணைப்பு. ஒரு சூத்திரம் வெற்றுக் கட்டம் ஒன்றைச் சுட்டி, "அங்கே உள்ளதைக் கொண்டுவா" என்று கேட்கும்போது, எக்ஸெல் வெறுமையைக் கொண்டுவருவதில்லை, 0 என்னும் எண்ணைக் கொண்டுவருகிறது. சூத்திரம் உள்ள கட்டம் ஏதாவது ஒரு மதிப்பைத் தந்தாக வேண்டும், வெறுமை என்பதைத் தர அதற்கு வழியில்லை. VLOOKUP, INDEX போன்றவற்றால் தேடி எடுத்தாலும் இதே கதைதான். ஆகவே அறிக்கைத் தாளில் உள்ள AVERAGE தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதன் கைக்கு வருவதற்கு முன்பே வெறுமை பூஜ்யமாக மாறிவிட்டது.

இரண்டாவது காரணம் அந்தப் பூஜ்யம் உங்களுக்குத் தெரியாமல் போனது. File, Options, Advanced என்று சென்று, Display options for this worksheet என்னும் பகுதியில் Show a zero in cells that have zero value என்ற தெரிவைப் பாருங்கள். அதன் குறி எடுக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தெரிவு ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியானது.

கடைக்கணக்கு சொன்ன வழி ஏன் வேலை செய்தது என்பதும் இப்போது தெளிவாகும். Delete அழுத்தியபோது நீங்கள் அழித்தது அந்த இணைப்புச் சூத்திரத்தை. அதனால் அந்தக் கட்டங்கள் முதன்முறையாக உண்மையில் வெறுமையாயின. ஆனால் ஜூலை மாதத்திற்கு இதே தாளைப் பயன்படுத்தும்போது, அந்த 6 நாள்களில் பால் ஊற்றியிருந்தாலும் அளவு அறிக்கைக்கு வராது.

பால்சங்க எழுத்தர் · ஜூலை 4, காலை 9.30

குறி எடுக்கப்பட்டுத்தான் இருந்தது. அதை இட்டவுடன் 6 கட்டங்களிலும் 0 பளிச்சென்று தெரிந்தது. எனக்கு முன்பு இருந்தவர், அச்சிடும்போது பூஜ்யங்கள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று மறைத்திருக்க வேண்டும். அவர் செய்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பழைய மாதங்களின் தாள்களையும் திறந்து பார்த்தேன். விடுபட்ட நாள்கள் அதிகமாக இருந்த உறுப்பினர்களுக்கெல்லாம் சராசரி குறைந்தே போயிருக்கிறது. 30 நாளும் ஊற்றியவர்களுக்குச் சரியாக இருந்ததால்தான் யாருக்கும் ஐயம் வரவில்லை. பணம் அன்றன்றைய அளவின்படியே கணக்கிடப்படுகிறது என்பதால் யாருக்கும் இழப்பில்லை, ஆனாலும் மாடு கன்று ஈனும் காலத்தில் ஊற்றாமல் இருந்த ஒருவரின் பால் தரமற்றது என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

கடைக்கணக்கு · ஜூலை 4, காலை 10.10

Delete பற்றி நான் சொன்னது தவறுதான், ஏற்றுக்கொள்கிறேன். என் தாளில் இணைப்புகள் இல்லாததால் எனக்கு இது தெரியவில்லை. ஆனால் இணைப்புகளைத் தொடாமலேயே சரிசெய்ய ஒரு வழி உண்டு. பூஜ்யத்தை விலக்கிவிட்டுச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள்:

```
=AVERAGEIF(C2:C31,"<>0")
```

இது எல்லா இடத்திலும் பொருந்தும்.

பால்சங்க எழுத்தர் · ஜூலை 4, காலை 10.25

4.10 வருகிறது. ஒரே ஒரு சூத்திரத்தை மாற்றினால் போதும் என்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

மழைமானி · ஜூலை 4, பிற்பகல் 3.00

"எல்லா இடத்திலும் பொருந்தும்" என்பதை ஏற்க முடியாது. பாலில் கொழுப்பு ஒருபோதும் பூஜ்யம் ஆகாது, அதனால் உங்களுக்கு அது பொருந்துகிறது. நான் எங்கள் ஊரில் ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலை 8.30 மணிக்கு அளவு எடுத்து எழுதுகிறேன். எனக்கு 0 என்பது ஓர் அளவு. அன்று மழை இல்லை என்று நான் பார்த்து எழுதியது அது. வெற்றுக் கட்டம் என்றால் அன்று நான் ஊரில் இல்லை, பார்க்கவில்லை என்று பொருள்.

ஒரு மாதத்தின் கணக்கைச் சொல்கிறேன். 30 நாள்களில் 9 நாள்கள் மழை, 18 நாள்கள் 0, 3 நாள்கள் வெறுமை. மொத்தம் 135 மில்லிமீட்டர். பார்த்த 27 நாள்களுக்குச் சராசரி 5.0. உங்கள் "<>0" சூத்திரத்தைப் போட்டால் 9 நாள்களால் வகுத்து 15.0 என்று வரும். அது மழை பெய்த நாளின் சராசரி, அந்த மாதத்தின் நாள் சராசரி அன்று. மும்மடங்கு வேறுபாடு.

மேலும், என் தாளும் இணைப்பு வழியாக வந்ததென்றால், 18 உண்மைப் பூஜ்யங்களும் 3 போலிப் பூஜ்யங்களும் ஒரே முகத்தோடு நிற்கும். அதன் பிறகு எந்தச் சூத்திரத்தாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே பூஜ்யமாக மாறிய பிறகு வடிகட்டுவதை விட, மாறாமல் தடுப்பதே முறை என்று நான் கருதுகிறேன்.

சூத்திரக்காரர் · ஜூலை 4, இரவு 8.40

மழைமானி சொல்வதே என் கருத்தும். இணைப்பிலேயே தடுக்க, அறிக்கைத் தாளின் கட்டங்களில் இப்படி எழுதலாம்:

```
=IF(Pathivu!C2="","",Pathivu!C2)
```

அங்கே வெறுமை என்றால் இங்கே நீளமற்ற எழுத்து ஒன்று நிற்கும். AVERAGE எழுத்தைக் கடந்து போவதால் 24ஆல்தான் வகுக்கும். ஆனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள், இப்போதும் அந்தக் கட்டம் வெறுமையன்று, எழுத்து. அதை மற்றோர் எண்ணோடு `=C9*D9` என்று பெருக்கினால் `#VALUE!` வரும். AVERAGEA என்னும் இன்னொரு சூத்திரமோ எழுத்தைப் பூஜ்யமாகவே எண்ணும், அதை இங்கே தவிர்த்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு ஆசிரியை · ஜூலை 5, காலை 7.50

நானும் இதே சிக்கலில்தான் இருக்கிறேன், ஆனால் எனக்குத் தலைகீழாக வருகிறது. தேர்வுக்கு வராத மாணவர்களுக்கு AB என்று எழுதியிருக்கிறேன். எக்ஸெல் அவர்களை விட்டுவிட்டு வகுப்புச் சராசரியைக் கூட்டிக் காட்டுகிறது. 40 பேரில் 4 பேர் வரவில்லை. வந்த 36 பேரின் கூட்டுத்தொகை 2,160, சராசரி 60. எங்கள் பள்ளியில் வராதவர்களையும் சேர்த்து 54 என்று காட்ட வேண்டும் என்கிறார்கள். இது எக்ஸெலின் பிழையா?

சூத்திரக்காரர் · ஜூலை 5, காலை 8.30

பிழை இல்லை அம்மா. AB எழுத்து என்பதால் AVERAGE அதைக் கடந்து போகிறது. உங்களுக்கு 54 வேண்டுமென்றால், நான் மேலே தவிர்க்கச் சொன்ன AVERAGEA உங்கள் தாளில் AB என்பதைப் பூஜ்யமாக எண்ணி 54 தரும். ஆனால் AB எழுதாமல் வெறுமையாக விட்ட மாணவர் ஒருவர் இருந்தால், AVERAGEAவும் அவரை எண்ணாது.

பத்தாம் வகுப்பு ஆசிரியை · ஜூலை 5, காலை 8.45

வந்துவிட்டது. ஆனால் காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டு வகுப்பின் சராசரியைச் சொல்வது நியாயம்தானா என்று இப்போது எனக்கே கேள்வி எழுகிறது. 60, 54 இரண்டையும் எழுதி, எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறேன்.

பால்சங்க எழுத்தர் · ஜூலை 6, காலை 11.00

இணைப்புகள் அனைத்தையும் மாற்றிவிட்டேன். 3.28 என்பது 4.10 ஆனது. ஆனால் சங்கச் செயலாளர் ஐயா அதைப் பார்த்துவிட்டு, "10 லிட்டர் ஊற்றிய நாளையும் 2 லிட்டர் ஊற்றிய நாளையும் ஒன்றாக எப்படி எடுப்பாய்? லிட்டரோடு பெருக்கியல்லவா எடுக்க வேண்டும்?" என்றார். அது சரிதான். D நெடுவரிசையில் லிட்டர் இருக்கிறது. ஆகவே இப்படிப் போட்டேன்:

```
=SUMPRODUCT(C2:C31,D2:D31)/SUM(D2:D31)
```

விடை 3.74. மறுபடியும் குறைவு. அதிகமாக ஊற்றும் நாளில் கொழுப்புச் சற்றுக் குறையும் என்பது உண்மை, ஆனால் எந்த நாளும் 3.9க்குக் குறையாத பாலுக்கு எந்த வகையில் சராசரி எடுத்தாலும் 3.74 வர முடியாதே. COUNT சூத்திரம் 24 என்றே காட்டுகிறது, பூஜ்யம் எதுவும் இல்லை. இதற்கு மேல் எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

கடைக்கணக்கு · ஜூலை 6, காலை 11.20

லிட்டரில் ஏதாவது தட்டச்சுப் பிழை இருக்கும், 5க்குப் பதில் 50 என்பதுபோல.

மழைமானி · ஜூலை 6, மதியம் 12.15

வெறுமையாக இருக்கும் அந்த 6 நாள்களிலும் காரணம் ஒன்றுதானா? எல்லா நாள்களிலும் பால் ஊற்றவில்லையா, அல்லது சில நாள்களில் ஊற்றியும் அளவு எடுக்கவில்லையா?

பால்சங்க எழுத்தர் · ஜூலை 6, மதியம் 12.50

ஐயா, அங்கேதான் இருக்கிறது. 4 நாள்கள் அவர் பால் ஊற்றவில்லை, அன்று லிட்டரும் வெறுமை. 2 நாள்கள் பால் ஊற்றினார், ஆனால் எங்கள் பரிசோதனைக் கருவி பழுதாகியிருந்தது. அந்த 2 நாள்களில் மொத்தம் 10 லிட்டர் பதிவாகியிருக்கிறது, கொழுப்பு பதிவாகவில்லை. மாதம் முழுவதற்கும் 130 லிட்டர்.

சூத்திரக்காரர் · ஜூலை 6, மாலை 6.30

நன்றாகக் கேட்டீர்கள் மழைமானி. SUMPRODUCT எண் அல்லாததைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த 2 நாள்களின் 10 லிட்டரும் மேலே பெருக்கலில் பூஜ்யக் கொழுப்புடைய பாலாக நுழைந்தன. கீழே SUM அவற்றை முழு லிட்டராகக் கூட்டியது. அளவு எடுத்த 24 நாள்களின் லிட்டர் எவ்வளவு என்று சொல்லுங்கள். 120 என்று இருக்க வேண்டும், 3.74ஐ 130ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 486 வருகிறது.

கீழே உள்ள லிட்டரையும் கொழுப்பு அளந்த நாள்களுக்கு மட்டும் கூட்ட வேண்டும்:

```
=SUMPRODUCT(C2:C31,D2:D31)
 /SUMPRODUCT(--ISNUMBER(C2:C31),D2:D31)
```

பால்சங்க எழுத்தர் · ஜூலை 6, இரவு 7.10

120 லிட்டர்தான். இப்போது 486ஐ 120ஆல் வகுத்து 4.05 வருகிறது. செயலாளர் ஐயாவிடம் காட்டினேன், ஒப்புக்கொண்டார்.

பால்சங்க எழுத்தர் · ஜூலை 9, காலை 10.40

மீண்டும் வந்திருக்கிறேன். இந்த முறை Pathivu தாளிலேயே, இணைப்பு எதுவும் இல்லாமல், உண்மையான வெற்றுக் கட்டங்களோடு தவறு வருகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்றும் உறுப்பினர் ஒருவருக்குக் காலைச் சராசரி மட்டும் தேவைப்பட்டது. B நெடுவரிசையில் வேளை, C நெடுவரிசையில் கொழுப்பு.

```
=AVERAGE(IF(B2:B61="காலை",C2:C61))
```

காலையில் 25 நாள்கள் அளந்திருக்கிறோம், கூட்டுத்தொகை 100. 4.00 வர வேண்டும். 3.33 வருகிறது. அதாவது விடுபட்ட 5 நாள்களையும் சேர்த்து 30ஆல் வகுத்திருக்கிறது. AVERAGE வெற்றுக் கட்டங்களை எண்ணாது என்று சொன்னீர்களே ஐயா?

சூத்திரக்காரர் · ஜூலை 9, இரவு 9.50

நான் ஜூலை 3 அன்று சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும். AVERAGE கட்டங்களை நேராகப் பார்க்கும்போது மட்டுமே வெறுமையைக் கடந்து போகும். இடையில் IF நுழைந்தால் AVERAGEக்குக் கட்டங்கள் போவதில்லை, IF தயாரித்த மதிப்புகளின் பட்டியல் போகிறது. அந்தப் பட்டியல் உருவாகும்போதே வெற்றுக் கட்டம் 0 ஆகிவிடுகிறது. அன்று இணைப்பில் நடந்ததே இங்கே ஒரே சூத்திரத்துக்குள் நடக்கிறது, நான் அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். `C2:C61*1` என்று எழுதினாலும் இப்படியே ஆகும்.

உங்கள் தேவைக்கு AVERAGEIF போதும், அது சராசரி எடுக்க வேண்டிய வெற்றுக் கட்டங்களைக் கடந்து போகும்:

```
=AVERAGEIF(B2:B61,"காலை",C2:C61)
```

பால்சங்க எழுத்தர் · ஜூலை 10, காலை 9.15

4.00 வந்தது. இனிமேல் எல்லா அறிக்கைகளிலும் சராசரிக்குப் பக்கத்தில் "அளந்த நாள்கள்" என்று ஒரு கட்டம் வைத்து, அதில் Pathivu தாளின் COUNT எண்ணைக் காட்டுகிறேன். கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுத்து, சராசரியோடு ஒத்துப்போகாவிட்டால் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்திருக்கிறேன். லிட்டர் கணக்குக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மழைமானி · ஜூலை 11, காலை 9.00

நான் என் கணக்கையே மறுபடி யோசித்தேன், சங்கடமாக இருக்கிறது. பார்க்காத 3 நாள்களை விட்டுவிட்டு 27ஆல் வகுத்து 5.0 என்றேன். ஆனால் நான் ஊரில் இல்லாதபோதும் மழைமானி வெளியிலேதான் நின்றது. அந்த 3 நாள்களில் பெய்தது குடுவையில் சேர்ந்து, நான் திரும்பி வந்த நாளின் அளவில் கலந்திருக்கும். அப்படியென்றால் 135 என்பது 30 நாள்களின் மழை. எனக்கு 135ஐ 30ஆல் வகுத்து வரும் 4.5தான் சரி. போலிப் பூஜ்யங்களையும் எண்ணுவது தவறு என்றேன், அப்படி எண்ணினால் வரும் விடையே எனக்குச் சரி. ஆவியாகிப் போனது எவ்வளவு என்பதையும், எந்த நாளின் மழை எவ்வளவு என்பதையும் இனிப் பிரிக்க முடியாது. இந்த மாதத்திலிருந்து வெறுமையாக விடாமல், அடுத்த நாள் அளவில் சேர்ந்தது என்று குறிப்பு எழுதி வைக்கிறேன்.

பால்சங்க எழுத்தர் · ஜூலை 11, காலை 10.30

எனக்கும் அந்த 2 நாள்கள் உறுத்துகின்றன. பால் வந்தது, குடித்தும் ஆயிற்று, கொழுப்பு மட்டும் தெரியாது. செயலாளர் ஐயா முந்தைய நாளின் அளவை எழுதிவிடச் சொல்கிறார். எழுதினால் சராசரி ஒழுங்காக வரும், ஆனால் அளக்காததை அளந்ததாக எழுத எனக்கு ஒப்பவில்லை. இப்போதைக்கு வெறுமையாகவே வைத்து, பக்கத்துக் கட்டத்தில் "கருவி பழுது" என்று எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் 4.05 என்று திருத்திய தாளை நேற்று மாலை கொடுத்துவிட்டேன். அவர் பழைய தாளையும் திருப்பிக் கொடுக்காமல் இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டார்.